விளைமீன் ஏன் ‘விலை மீன்’ ஆனது: பாம்பன் கரையில் ஒரு குரல் தேடலைச் சோதித்த கதை

அன்றன்றைய மீன் விலையைக் காட்டும் செயலி ஒன்றில் குரல் தேடல் வசதி சேர்க்கப்பட்டபோது, அதைச் சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் எந்த மீன் என்ன விலைக்கு ஏலம் போனது என்பதை வியாபாரிகள் வாயால் கேட்க வேண்டும்; செயலி அதற்குரிய விலையைத் திரையில் காட்ட வேண்டும். பேச்சை எழுத்தாக மாற்றும் இயந்திரம் எங்களுடையதன்று. ஒலியை வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்பினால் அது தமிழ் எழுத்தைத் திருப்பி அனுப்பும், அந்த எழுத்தை வைத்துத் தேடுவது மட்டுமே எங்கள் நிரல். ஆகவே சேவையின் உள்ளே கைவைக்க வழியில்லை. உள்ளே போகும் ஒலியையும் வெளியே வரும் எழுத்தையும்தான் நாங்கள் கையாள முடியும்.

வசதி வெளியானவுடன் வந்த குறைகள் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் இருந்தன: “நம்ம பேச்சு இதுக்குப் புரியல.” அலுவலகத்தில் இதை உச்சரிப்புப் பிரச்சினை என்று தலைப்பிட்டுக் குறித்துக்கொண்டார்கள். இராமநாதபுரத்துக் கடற்கரைப் பேச்சை இயந்திரம் கேட்டதில்லை, ஆகவே அதற்குப் புரியவில்லை என்ற விளக்கம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அந்தத் தலைப்பின் கீழ் உண்மையில் மூன்று வேறு காரணங்கள் கலந்து கிடந்தன. பேசுபவரின் உச்சரிப்பு ஒன்று, சுற்றுப்புற இரைச்சல் மற்றொன்று, பேசிய சொல்லே இயந்திரத்துக்கு அரிதாக இருப்பது மூன்றாவது. விளைவு மூன்றிலும் ஒன்றேதான், திரையில் தவறான எழுத்து வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் எதைத் திருத்தினாலும் எது பலித்தது என்று சொல்ல முடியாது. பிரித்தறியும் வழியைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்கிறேன்.

பாம்பனில் மீன் வாங்கிக் கூடையிலும் வண்டியிலும் உள்ளூர்களுக்குக் கொண்டுபோகும் ஓர் அக்கா, கரையில் என்னிடம் தம் கைப்பேசியை நீட்டினார். “நான் வெளமீனு வெல என்னன்னுதான் தம்பி கேட்டேன். இது என்னத்த எழுதியிருக்கு பாரு.” திரையில் ‘விலை மீன் விலை என்ன’ என்று இருந்தது; தேடலோ எல்லா மீன்களின் பட்டியலையும் அகரவரிசையில் கொட்டியிருந்தது. விளைமீன் இந்தக் கரையில் அன்றாடம் ஏலம் போகிற மீன். அதைத் தேட முடியாத விலைச் செயலியை இங்கே யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

இந்தப் பிழைக்கு மேற்சொன்ன மூன்று காரணங்களில் எதுவும் பொருந்தும். கடற்கரைப் பேச்சில் ‘விளை’ என்பது ‘வெள’ என்று சுருங்கி ஒலிக்கிறது, ஆகவே உச்சரிப்பு என்று சொல்லலாம். அவர் நின்ற இடத்தில் படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே இரைச்சல் என்றும் சொல்லலாம். ‘விலை’ என்பது தமிழில் மிகப் புழங்கும் சொல், ‘விளைமீன்’ அப்படியன்று. ஆகவே சொல்லின் அருமை என்றும் சொல்லலாம். ஊகத்தை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே வழி.

முதலில் உச்சரிப்பைத் தனியே பார்த்தோம். அதே அக்காவை மூடிய அறையில் அமர்த்தி, அதே வாக்கியத்தை அவருடைய இயல்பான பேச்சிலேயே சொல்லச் செய்து பதிவு செய்தோம். அடுத்து, லகர ளகர ழகரங்களைப் பிசகாமல் உச்சரிக்கும் தமிழாசிரியர் ஒருவரை அதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டோம். நாக்கை நன்றாக மடித்து அவர் சொன்ன ‘விளைமீன் விலை என்ன’ என்பதையும் சேவை ‘விலை மீன் விலை என்ன’ என்றே எழுதியது. அமைதியான அறை, ஐயத்துக்கு இடமில்லாத ளகரம், அதே பிழை. இந்த ஒரு பதிவிலேயே உச்சரிப்பின் மீதும் இரைச்சலின் மீதும் இருந்த சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

எஞ்சியது சொல். இதை உறுதிப்படுத்த, ஆசிரியரின் பதிவிலிருந்து ‘விளைமீன்’ என்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அவரே சொன்ன ‘குழம்பு வைப்பது எப்படி’ என்ற பதிவின் முன்னால் ஒட்டினோம். இப்போது அதே ஒலித்துண்டு ‘விளைமீன்’ என்று சரியாக எழுதப்பட்டது. ஒலி இம்மியும் மாறவில்லை. பக்கத்துச் சொற்கள் மாறியதும் முடிவும் மாறிவிட்டது. பேச்சறி இயந்திரம் ஒலியை மட்டும் கேட்டு எழுதுவதில்லை, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரக்கூடும் என்று தான் கற்ற கணக்கையும் சேர்த்தே எழுதுகிறது. ‘மீன்’, ‘விலை’, ‘என்ன’ என்ற சொற்கள் சூழ்ந்திருக்கும்போது ளகரத்தை லகரமாகக் கேட்பதுதான் அந்தக் கணக்குக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதற்கு இன்னொரு சான்றும் கிடைத்தது, அதற்குத் தனிப் பதிவுகூடத் தேவைப்படவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே இத்தகைய சேவைகள் இடைக்கால எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பேச்சு முடிந்ததும் இறுதி எழுத்து வரும். பலரும் சோதனைக் குறிப்பில் இறுதி எழுத்தை மட்டும் சேமிப்பார்கள். இடைக்கால எழுத்துகளையும் நேரத்தோடு சேமித்துப் பார்த்தபோது, அக்காவின் பேச்சில் முதலில் ‘விளைமீன்’ என்று சரியாகவே வந்திருந்தது. அவர் ‘விலை என்ன’ என்று முடித்த பிறகு, இயந்திரம் திரும்பிச் சென்று முதற்சொல்லைப் பிரித்து ‘விலை மீன்’ ஆக்கியிருந்தது. சரியாகக் கேட்டு, பின்னர் மனம் மாறியிருக்கிறது. இடைக்கால எழுத்தில் சரியாக வந்து இறுதியில் கெடும் பிழையைக் கண்டால், உச்சரிப்பை விட்டுவிட்டுச் சொற்கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இந்தப் பக்கத்தில் மழையை ‘மள’ என்றும் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றும் சொல்பவர்கள் ஏராளம். அலுவலகத்தில் எல்லோரும் அஞ்சியது இந்த ழகர மயக்கத்தைத்தான். சோதனையில் அவை பெரும்பாலும் ‘மழை’, ‘வாழைப்பழம்’ என்று ஒழுங்காகவே எழுதப்பட்டன. தமிழ்நாட்டில் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள்; இயந்திரமும் அப்படிக் கேட்டே பழகியிருக்கிறது; அந்த இடத்தில் வரக்கூடிய வேறு சொல்லும் இல்லை. உச்சரிப்பு எவ்வளவு விலகியிருந்தாலும் சொல் பழகியதென்றால் தப்பித்துவிடுகிறது. உச்சரிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சொல் அரிதென்றால் மாட்டிக்கொள்கிறது. சீலா மீனைக் கேட்டால் ‘ஷீலா’ என்று எழுதும் இயந்திரத்தை யாரும் காது கேளாதது என்று சொல்ல முடியாது. அதற்கு ஷீலாவைத் தெரியும், சீலாவைத் தெரியாது, அவ்வளவுதான். முரல் மீனைக் ‘குரல்’ என்றும் காரல் மீனைக் ‘காரில்’ என்றும் எழுதியதும் இதே வகை.

உச்சரிப்பே உண்மையான காரணமாக இருந்த இடங்களும் இருந்தன. சொல்லின் இறுதியில் வரும் னகர மெய் கரைந்து, உயிர் மூக்கொலியாக மட்டும் நிற்கும் பேச்சு அவற்றில் ஒன்று. ‘பாம்பன்’ என்பதன் கடைசி எழுத்து காற்றோடு போய்விட, இயந்திரம் அதைப் ‘பாம்ப’ என்றோ ‘பாம்பு’ என்றோ எழுதியது. அதே சொல்லைத் தமிழாசிரியர் சொன்னால் சரியாக வந்தது. அக்கா சொன்னால் எந்த வாக்கியத்தில் வைத்தாலும் தவறாகவே வந்தது. ஆளை மாற்றினால் பிழை மாறுகிறது, வாக்கியத்தை மாற்றினால் மாறவில்லை என்றால் உச்சரிப்பு. வாக்கியத்தை மாற்றினால் மாறுகிறது, ஆளை மாற்றினால் மாறவில்லை என்றால் சொல். எங்கள் பிழைப்பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு விடை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்த பிறகுதான் பட்டியல் பயன்படத் தொடங்கியது.

இதற்கெல்லாம் அடிப்படையான பதிவுகளை எப்படிச் சேகரிப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கையில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், ஏலக் கரையில் நாள் முழுக்கப் பேசுபவரும் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலுக்கு மாறிவிடுவார். ‘வெல’ என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் தாளைக் கண்டதும் ‘விலை’ என்கிறார். இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் தமிழ்ப் பேச்சுத் தொகுப்புகளில் பல, வாக்கியத்தைத் திரையில் காட்டிப் படிக்கச் சொல்லிப் பதிந்தவையே. மோசில்லாவின் காமன் வாய்ஸ் தொகுப்பு பெரும்பாலும் அப்படி உருவானது. அத்தகைய தொகுப்பில் இயந்திரம் நல்ல மதிப்பெண் வாங்குவதைக் கொண்டு கரையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. நாங்கள் தாளை ஒதுக்கிவிட்டு மீனையே காட்டினோம்; மீன் கிடைக்காதபோது அதன் படத்தைக் காட்டினோம். “இதோட வெலைய மண்டபத்துல இருக்கிற ஆளுக்குப் போன் போட்டு எப்படிக் கேப்பீங்க?” என்று கேட்டு, அவர்கள் வாயில் வந்ததை வந்தபடியே பதிந்தோம். கீழக்கரையில் ஒரு மரைக்காயர் கடையில், “காக்கா, இண்டைக்கி சீலா என்ன போகுது?” என்று ஒருவர் கேட்டார். ‘விலை’ என்ற சொல்லே அதில் இல்லை. நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய சோதனை வாக்கியங்களில் ‘விலை’ இல்லாத ஒன்றுகூட இருந்திருக்கவில்லை.

சேவையின் எழுத்தோடு ஒப்பிடுவதற்காகப் பதிந்ததைக் கையால் எழுத்தாக்கும்போது ஒரு விதியை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவர் ‘வெல’ என்று சொன்னால் மாதிரி எழுத்தில் ‘வெல’ என்று எழுதுவதா, ‘விலை’ என்று எழுதுவதா? சேவை பெரும்பாலும் எழுத்துத் தமிழில்தான் விடை தருகிறது. மாதிரியைப் பேச்சு வடிவில் எழுதினால், இயந்திரம் சரியாகப் புரிந்துகொண்ட இடங்களெல்லாம் பிழையாக எண்ணப்படும். ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதினால் மதிப்பெண்ணே பொருளற்றதாகிவிடும். நாங்கள் எழுத்து வடிவத்தை மாதிரியாக வைத்து, உண்மையில் ஒலித்த வடிவத்தைத் தனி நெடுவரிசையில் குறித்தோம். உச்சரிப்பை ஆராயும்போது அந்த இரண்டாவது நெடுவரிசைதான் கைகொடுத்தது.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சறிதலை அளக்க உலகெங்கும் பயன்படுவது சொற்பிழை விகிதம். மாற்றி எழுதப்பட்ட சொற்கள், விடுபட்ட சொற்கள், கூடுதலாகச் செருகப்பட்ட சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, மாதிரியில் உள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் தமிழில் இந்த அளவை மிகவும் கொடூரமாக நடந்துகொள்கிறது. ‘பாம்பன் விளைமீன் விலை என்ன’ என்பதில் சொற்கள் 4. இயந்திரம் ‘பாம்பன் விலை மீன் விலை என்ன’ என்று எழுதினால் ஒரு சொல் மாறியது, ஒரு சொல் கூடியது, ஆக 2 பிழை. விகிதம் 50 சதவீதம். இதே பிழையை எழுத்துக்குறி அளவில் எண்ணினால், இடைவெளி உட்பட மாதிரியில் 26 குறிகள், மாறியவை 2. விகிதம் 8 சதவீதத்துக்கும் குறைவு. நடந்தது ஒரே பிழைதான்.

அதைவிட முக்கியமானது, இரண்டு எண்களுமே தேடல் பலித்ததா என்பதைச் சொல்வதில்லை. அதே வாக்கியத்தைப் ‘பாம்பன் விளைமீன் விலை’ என்று எழுதி ‘என்ன’ என்பதை விட்டுவிட்டால் சொற்பிழை 25 சதவீதம். பயனருக்கு எந்தக் குறையும் இல்லை, சரியான விலை வரும். ‘பாம்பன் கிளிமீன் விலை என்ன’ என்று எழுதினாலும் அதே 25 சதவீதம்தான். ஆனால் வேறொரு மீனின் விலை வரும். எனவே நாங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் முடிவை மூன்றாகப் பிரித்தோம்: சரியான விலை வந்தது, எதுவும் வராமல் மறுபடி கேட்கச் சொன்னது, தவறான விலை தயக்கமின்றி வந்தது. மூன்றாவதுதான் ஆபத்து. மறுபடி கேட்கச் சொன்னால் வியாபாரி அலுத்துக்கொள்வார்; கிளிமீன் விலையை விளைமீன் விலை என்று நம்பி ஏலம் கேட்டால் கைக்காசு போகும். சொற்பிழை விகிதம் குறைந்து மூன்றாவது வகை கூடினால், அந்த மாற்றத்தை வெளியிடக் கூடாது என்பது எங்கள் விதி.

இயந்திரம் சரியாக எழுதியும் தேடல் தோற்ற வினோதமும் நடந்தது. சென்னைப் பக்கம் நவரை என்று சொல்லப்படும் மீன் இங்கே நகரை. இயந்திரம் ‘நகரை’ என்று அழகாக எழுதிவிட்டது. எங்கள் தேடல் நிரலோ வேற்றுமை உருபுகளை நீக்கிவிட்டு வேர்ச்சொல்லைத் தேடும். அது ‘நகரை’ என்பதில் இருந்த ஐகாரத்தை இரண்டாம் வேற்றுமை என்று கருதி வெட்டி, ‘நகர்’ என்று தேடி, பெயரில் நகர் உள்ள கடைகளையெல்லாம் வரிசையாகக் காட்டியது. குரல் தேடலில் பிழை என்று வரும் புகார்களில் முதலில் விசைப்பலகையில் அதே எழுத்தைத் தட்டிப் பார்ப்பது நல்லது. தட்டினாலும் அதே தவறு வருமானால் மைக்கின் மீது பழி போடுவதில் பயனில்லை.

இனி இரைச்சல். கரையில் ஒரே வகை இரைச்சல் இல்லை. நாட்டுப்படகின் டீசல் எஞ்சின், விசைப்படகின் எஞ்சின், ஐஸ் உடைக்கும் இயந்திரம், ஏலக் கூச்சல், காற்று என்று பலவும் உண்டு. இவற்றைத் தனித்தனியே பதிந்து, அறையில் பதிந்த பேச்சோடு வெவ்வேறு அளவுகளில் கலந்து சேவைக்கு அனுப்பினோம். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை டெசிபலில் சொல்வார்கள்: 20 என்றால் பேச்சின் வீச்சு இரைச்சலைப் போல் 10 மடங்கு, 6 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 0 என்றால் இரண்டும் சமம். இதைக் கணக்கிடும்போது பேச்சின் அளவை, பேச்சு உள்ள இடங்களில் மட்டும் எடுக்க வேண்டும். ஒருவர் யோசித்து யோசித்துப் பேசியிருந்தால் நடுவே உள்ள மௌனமும் சராசரியில் சேர்ந்து, பேச்சு உண்மையைவிடத் தாழ்ந்ததாகக் கணக்காகும். இரைச்சலை நாம் நினைத்ததைவிடக் குறைவாகக் கலந்துவிடுவோம். சோதனை எளிதாகி மதிப்பெண் ஏறிவிடும்.

எஞ்சின் ஒலிதான் மிகவும் கெடுக்கும் என்று படகுக்காரர்கள் உட்பட எல்லோரும் எதிர்பார்த்தோம். எஞ்சின் தாழ்ந்த சுருதியில், ஒரே சீராக ஓடுவது. இயந்திரம் அதை ஓரளவுக்குப் பொறுத்துக்கொண்டது. பேச்சின் அளவு இரைச்சலுக்குச் சமமாக இறங்கியபோது சொற்கள் விடுபட்டனவே தவிர, புதிய சொற்கள் பெரிதாக முளைக்கவில்லை. ஏலக் கூச்சல் அப்படியன்று. அதுவும் மனிதப் பேச்சு என்பதால் இயந்திரம் அதையும் எழுதத் தொடங்கியது. அக்கா விளைமீனைக் கேட்டுக்கொண்டிருக்க, பின்னால் ஏலம் கூறுபவரின் ‘முன்னூறு’, ‘முன்னூத்தம்பது’ எல்லாம் தேடல் பெட்டிக்குள் வந்து அமர்ந்தன. பிழைகளில் விடுபடுதல் மிகுந்தால் எஞ்சின் போன்ற சீரான இரைச்சலையும், செருகல் மிகுந்தால் பக்கத்துப் பேச்சையும், ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒரே விதமாக மாறினால் உச்சரிப்பையோ சொல்லையோ சந்தேகிக்கலாம். இது முடிந்த தீர்ப்பு அன்று, எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான குறிப்பு.

கலந்து சோதிப்பதில் ஒரு பெருங்குறை உண்டு. இரைச்சலில் நிற்பவர் அறையில் பேசுவது போலப் பேசமாட்டார். குரலை உயர்த்துவார், உயிரெழுத்துகளை நீட்டுவார், சுருதியும் ஏறும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் 1911-இல் விவரித்த இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எனவே அமைதியில் பேசிய பேச்சின் மேல் இரைச்சலைத் தூவிச் செய்யும் சோதனை, கரையில் யாரும் பேசாத ஒரு பேச்சைச் சோதிக்கிறது. இதற்கு எளிய மாற்று இருக்கிறது. பேசுபவரை அறையிலேயே அமர்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, ஏலக் கூச்சலை அதில் ஓடவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும். அவர் இயல்பாகவே குரலை உயர்த்துவார். மைக்கில் பதிவதோ இரைச்சல் கலவாத தூய பேச்சு. பிறகு அதே கூச்சலை அதனோடு கலந்தால், கரையில் பேசியதற்கு மிக நெருங்கிய பதிவு கிடைக்கும். மாதிரி எழுத்தை உருவாக்கத் தூய பதிவும் கையில் இருக்கும். அக்காவுக்கு இந்த ஏற்பாடு மிகுந்த சிரிப்பை வரவழைத்தது. ஆனால் ஹெட்போனை மாட்டிய கணத்தில், எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, கரையில் கூப்பிடுவது போலவே சத்தம் போட்டுக் கேட்டார்.

இந்த முறைக்கும் எட்டாதது காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் கரையில் கைப்பேசியை எடுத்தால், காற்று மைக்கின் துளையில் நேரடியாக மோதி எழுப்பும் குமுறல் பேச்சைவிடப் பன்மடங்கு பெரிதாகிறது. அது மைக்கின் தாங்கும் எல்லையைத் தாண்டும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டப்பட்டுத் தட்டையாகின்றன. பதிவை அலைவடிவமாகத் திறந்து பார்த்தால் மேலும் கீழும் கத்தரித்தாற்போல் தெரியும். தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டினால் குமுறல் குறையும், ஆனால் வெட்டுண்ட இடத்தில் இருந்த பேச்சு திரும்ப வராது. ஆகவே தட்டையான உச்சிகள் உள்ள பதிவுகளைத் தனியே குறித்து, அவற்றில் வந்த பிழைகளை இயந்திரத்தின் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தினோம். செயலியிலும் ஒரு சிறு மாற்றம் செய்தோம்: உள்ளே வரும் ஒலி தொடர்ந்து உச்சியில் முட்டினால், சேவைக்கு அனுப்பாமல், ‘காற்றுக்கு முதுகு காட்டிப் பேசவும்’ என்று திரையில் கேட்கும். இப்படி நின்று பேசக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செயலி கேட்காததால்தான் செய்யாமல் இருந்தார்கள்.

விளைமீனுக்குத் திரும்புகிறேன். காரணம் சொல் என்று தெரிந்த பிறகு, இரண்டு இடங்களில் திருத்தலாம். சேவைக்கு ஒலியோடு சேர்த்து, எதிர்பார்க்கும் சொற்களின் பட்டியல் ஒன்றை அனுப்பும் வசதி பலவற்றில் உண்டு. மீன் பெயர்களை அதில் தந்தால் சொற்கணக்கு நம் பக்கம் சாயும். மற்றது எங்கள் தேடல் நிரலில், ஒலியால் நெருங்கிய எழுத்துகளை ஒன்றாகக் கருதி ஒப்பிடுவது:

```python
import unicodedata
FOLD = str.maketrans("ளழறணந", "லலரனன")

def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return s.translate(FOLD).replace(" ", "")
```

இதன்படி ‘விளைமீன்’, ‘விலை மீன்’ இரண்டும் ஒப்பிடுவதற்கான ஒரே சாவியாகிவிடும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் நடுவில் உள்ள `NFC` வரியை அலட்சியம் செய்யக் கூடாது. ‘கொடுவா’ என்ற மீன் பெயரின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேவை ஒரு விதமாகவும் எங்கள் மீன் பட்டியல் வேறு விதமாகவும் இருந்தால், சரியாகக் கேட்ட சொல்லும் பொருந்தாமல் போகும்.

திருத்தத்துக்குப் பின் விளைமீன் வந்துவிட்டது. அங்கேயே சோதனையை முடித்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் கரையில் மக்கள் ‘என்ன வெல மீனு இது?’ என்றும் கேட்பார்கள். அதில் ‘விலை மீன்’ என்ற தொடர் உண்மையாகவே இருக்கிறது, விளைமீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கள் புதிய நிரல் அதையும் விளைமீன் என்று பிடித்து, ஒற்றை விலையைத் தயக்கமின்றிக் காட்டியது. பழைய பிழையில் எல்லா மீன்களின் பட்டியல் வந்தது, அதில் தேடியாவது எடுத்துக்கொள்ளலாம்; புதிய பிழை மூன்றாவது வகையைச் சேர்ந்தது, பழையதைவிட மோசமானது. சொற்பட்டியலை அனுப்பும் வழியிலும் இதே விளைவு வந்தது. பட்டியலுக்குத் தரும் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, யார் ‘விலை மீன்’ என்றாலும் சேவையே ‘விளைமீன்’ என்று எழுதித் தந்தது. ஆகவே ஒவ்வொரு மீன் பெயருக்கும் இரண்டு வகைப் பதிவுகள் தேவை: அந்த மீனை உண்மையில் கேட்ட பேச்சு, அதைப் போல ஒலித்தாலும் அதைக் கேட்காத பேச்சு. இரண்டாவது வகை இல்லாத சோதனை, தாராளமாகப் பொருத்தும் எந்த நிரலுக்கும் முழு மதிப்பெண் தந்துவிடும். இறுதியில் எழுத்து அப்படியே பொருந்தினால் ஒற்றை விலையையும், சாவி மட்டும் பொருந்தினால் ‘விளைமீன்’, ‘எல்லா மீன்களும்’ என்ற இரண்டு பொத்தான்களையும் காட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு தட்டுக் கூடுதல்தான், கரையில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

எண்களை எவ்வளவு நம்புவது என்பதிலும் அடக்கம் வேண்டும். 40 பதிவுகளில் 30 சரி என்றால் 75 சதவீதம். ஆனால் அவ்வளவு சிறிய தொகுப்பில் உண்மை விகிதம் இருபுறமும் ஏறக்குறைய 13 புள்ளிகள் விலகியிருக்கலாம். அந்த 40-உம் 8 பேர் பேசியவை என்றால் நிச்சயமின்மை இன்னும் கூடும், ஏனென்றால் ஒருவரின் ஐந்து பதிவுகளும் ஒரே திசையில் தவறக்கூடும். இந்நிலையில் ‘75-இலிருந்து 80 ஆயிற்று’ என்று மார்தட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பதில், ஒரே பதிவுகளைப் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் கொடுத்து, முடிவு மாறிய பதிவுகளை மட்டும் எடுத்துக் காதால் கேட்கிறோம். எத்தனை கெட்டதிலிருந்து நல்லதாயின, எத்தனை நல்லதிலிருந்து கெட்டன என்ற இரு எண்களும், அந்தப் பதிவுகளின் பட்டியலும் போதும். முடிவு மாறாதவற்றைக் கேட்டு நேரம் போக்க வேண்டியதில்லை.

இந்தத் தொகுப்பை நிரல் மாறும்போது மட்டும் ஓட்டினால் போதாது என்பதும் பின்னர் தெரிந்தது. சேவை எங்களுடையதன்று என்பதால் அதன் உள்ளே இருக்கும் பேச்சறி இயந்திரம், நமக்குச் சொல்லாமலே மாறிவிடக்கூடும். எங்கள் பக்கம் ஓர் எழுத்துகூட மாறாதிருக்கையில், ஒரு நாள் ‘ஊளி’ என்ற மீன் பெயர் ‘ஊழி’ ஆகிவிட்டது. அதுவரை சரியாக வந்துகொண்டிருந்த சொல். இப்போது கீழக்கரைப் பதிவுகள், பாம்பன் பதிவுகள், ஹெட்போனோடு பேசிய பதிவுகள், மீனைக் கேட்காத பதிவுகள் என்று நான்கு கட்டுகளையும் வாரந்தோறும் சேவைக்கு அனுப்பி, சென்ற வாரத்து எழுத்தோடு ஒப்பிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் கேள்விகள் குறைந்து, நாட்டுப்படகு மீன்களின் பெயர்களே மிகுதியாக வருகின்றன. ஒரு சொல் கெட்டுப்போயிருந்தாலும் அந்த மாதங்களில் யாரும் கேட்காமல் அது மறைந்திருக்கலாம் என்பதால், தடை முடிவதற்கு முந்தைய வாரத்தில் முழுத் தொகுப்பையும் ஒருமுறை ஓட்டி, மாறியிருக்கும் சொற்களைப் படகுகள் கரை திரும்பும் முன் திருத்திவிடுகிறோம்.